மூலையில் கழியும் கான்கிரீட், மூலையில் கூடும் கம்பி

நாகலூரில் வீடு கட்டச் சமதளமான மனை தானாகக் கிடைப்பது அரிது. ஏற்காடு வட்டத்தின் மற்ற மலைக் கிராமங்களைப் போலவே இங்கும் சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி நிரவித்தான் மனையைச் சமமாக்குகிறார்கள். அப்படிச் சமமாக்கிய இடத்தில் எழும் வீட்டின் ஒரு பாதி, காலங்காலமாக இறுகிக் கிடந்த மண்ணின் மேல் நிற்கிறது. மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணை ஒட்டி நிற்கிறது. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில், சிதையாத உருண்டைக் கற்களும் ஆங்காங்கே புதைந்திருக்கும். அஸ்திவாரக் குழியின் ஒரு மூலையில் கடப்பாறை கல்லில் மோதும். எதிர்மூலையில் மண்வெட்டிக்கே மண் வழிவிடும்.

இப்படி ஓரிடத்தில் கெட்டியும் ஓரிடத்தில் இளக்கமுமாக இருக்கும் மண்ணில், மழைக்காலம் வந்ததும் இளகிய பக்கம் சில மில்லிமீட்டர் இறங்கும். கருங்கல் கட்டுமானமும் செங்கல் சுவரும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் சுவர் கிழியும். இதைத் தடுக்கத்தான் கருங்கல் பேஸ்மட்டத்தின் தலையில், வீட்டைச் சுற்றியும் உள்சுவர்களின் அடியிலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஒன்றைப் போடுகிறோம். பிளிந்த் பீம் என்றும் பெல்ட் என்றும் நாம் சொல்வது அதைத்தான். செங்கல், கல் கட்டடங்களின் நில அதிர்வுப் பாதுகாப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4326, மண் இளக்கமாகவோ சீரற்றதாகவோ இருக்கும் இடங்களில் இந்தப் பட்டையைப் போடச் சொல்கிறது. அப்படிப்பட்ட மண்ணுக்கு எடுத்துக்காட்டாக அது குறிப்பிடுவதே மலைப்பகுதிகளைத்தான். 2002இல் வெளியான ஐ.எஸ். 1893, சேலத்தை நில அதிர்வின் மூன்றாம் மண்டலத்தில் வைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாகலூரில் இதைத் தவிர்க்க முடியாது.

இந்தப் பட்டை மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைப் போன்றது. பட்டா எவ்வளவு தடித்ததாக இருந்தாலும், அதன் இரு நுனிகளும் சேரும் இடம் விட்டுப்போனால் சக்கரம் பிரிந்துவிடும். பிளிந்த் பீமுக்கும் பலவீனம் வருவது மூலைகளிலும் சுவர்கள் கூடும் சந்திகளிலும்தான். மதிப்பீட்டிலும் தவறு நேரும் இடங்கள் அவையே. அங்கே நேரும் தவறுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிரானவை. கான்கிரீட் கணக்கில் மூலையை இருமுறை எண்ணிவிடுகிறோம். கம்பிக் கணக்கில் மூலையை எண்ணாமலே விட்டுவிடுகிறோம்.

எடுத்துக்கொள்ளும் வீடு

2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. அதே அளவுள்ள ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 6.0 மீட்டருக்கு 5.6 மீட்டர். எல்லாச் சுவர்களும் ஒன்பது அங்குலம், அதாவது 230 மி.மீ. தூண்கள் கிடையாது, சுவர்களே கூரையைச் சுமக்கின்றன. முன்கூடத்தையும் பின்பகுதியையும் பிரிக்க, 5.6 மீட்டர் பக்கத்துக்கு இணையாக ஒரு நடுச்சுவர். பின்பகுதியைப் படுக்கையறை, சமையலறை என இரண்டாக்க, நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை ஒரு குறுக்குச்சுவர். நடுச்சுவரின் மையத்துக்கும் அந்த வெளிச்சுவரின் மையத்துக்கும் இடையே 2.6 மீட்டர்.

இந்த வீட்டில் வெளிமூலைகள் நான்கு. ஒரு சுவர் இன்னொன்றில் வந்து முட்டும் சந்திகளும் நான்கு: நடுச்சுவரின் இரு முனைகள், குறுக்குச்சுவரின் இரு முனைகள்.

பீமின் குறுக்களவு 230க்கு 230 மி.மீ. மேலே இரண்டு, கீழே இரண்டு என 12 மி.மீ. கம்பிகள் நான்கு. 8 மி.மீ. ரிங் 150 மி.மீ.க்கு ஒன்று. அடியில் கருங்கல் கட்டுமானம் முழு நீளத்துக்கும் தாங்கி நிற்கும் சிறு வீட்டுக்கு இது போதுமான அளவு. தூண்களுக்கு இடையே அந்தரத்தில் தொங்கும் பீமுக்கு இந்த அளவுகள் பொருந்தா. அதைப் பொறியாளர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

கான்கிரீட்: மூலையை ஒருமுறை மட்டும்

வெளிச்சுவரை வெளியிலிருந்து வெளியாக அளந்தால் 6.0, 5.6, 6.0, 5.6 எனச் சுற்றளவு 23.2 மீட்டர். இதில் ஒவ்வொரு மூலைச் சதுரமும் நீளச் சுவரில் ஒருமுறை, அகலச் சுவரில் ஒருமுறை என இருமுறை வந்துவிடுகிறது. நான்கு மூலைகளுக்கு நான்கு 23 செ.மீ., அதாவது 92 செ.மீ. அதிகம். சுவரின் மையக்கோட்டை அளந்தால் இந்தச் சிக்கல் தானாகத் தீரும். நீளச் சுவரின் மையக்கோடு 5.77 மீட்டர், அகலச் சுவருடையது 5.37 மீட்டர். சுற்றளவு 22.28 மீட்டர்.

உள்சுவர்களுக்கு மையக்கோடு உதவாது. நடுச்சுவரின் மையக்கோட்டை வெளிச்சுவரின் மையம் வரை இழுத்தால், வெளிச்சுவருக்கு ஏற்கெனவே எண்ணிய கான்கிரீட்டில் அரைச்சுவர் அகலத்தை மறுபடி எண்ணுகிறோம். ஒரு சந்திக்கு 11.5 செ.மீ. அதனால் உள்சுவர்களை முகத்திலிருந்து முகமாக, இடைவெளியை மட்டும் அளக்க வேண்டும். நடுச்சுவருக்கு 5.14 மீட்டர், குறுக்குச்சுவருக்கு 2.37 மீட்டர்.

மொத்த நீளம் 29.79 மீட்டர். இதை 0.23ஆலும் மறுபடி 0.23ஆலும் பெருக்கினால் 1.58 கன மீட்டர். வெளிச்சுவரை வெளி அளவிலும், உள்சுவரை மையக்கோட்டிலும் அளந்திருந்தால் 31.17 மீட்டரும் 1.65 கன மீட்டரும் வந்திருக்கும். வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சிமெண்டில் அரை மூட்டைக்குச் சற்று மேல். மூலையைக் கவனிக்காமல் விட்டால் கான்கிரீட்டில் நேரும் நட்டம் அவ்வளவுதான்.

சிந்துவதற்கும் பலகை சற்றுப் பிதுங்குவதற்கும் மூன்று விழுக்காடு சேர்த்து 1.63 கன மீட்டர் என வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற எம் 20 கலவையில், ஈரமில்லாத பொருள்களின் கொள்ளளவு கான்கிரீட்டின் 1.54 மடங்கு வேண்டும். அதன்படி சிமெண்ட் 13 மூட்டைக்குச் சற்று மேல், எனவே 14 மூட்டை வாங்க வேண்டும். எம்-சாண்ட் 24 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 48 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால், கால் யூனிட் மணலும் அரை யூனிட் ஜல்லியும்.

இந்தக் கணக்கிலிருந்து வேலை நடக்கும்போது பயன்படும் அளவு ஒன்று கிடைக்கிறது. ஒரு மூட்டைக் கலவை ஏறக்குறைய 2.3 மீட்டர் பீமை நிரப்ப வேண்டும். ஐந்து மூட்டை முடிந்ததும் டேப்பைப் பிடித்துப் பாருங்கள். பதினொன்றரை மீட்டருக்கு வெகு முன்பே நின்றிருந்தால் பலகை பிதுங்குகிறது, அல்லது பீமின் ஆழம் கூடியிருக்கிறது. வெகுதூரம் தாண்டியிருந்தால் கலவையில் ஜல்லியும் மணலும் அதிகமாக விழுகின்றன என்று பொருள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மண்ணையும் மழையையும் தொடும் கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 விதிக்கும் குறைந்தபட்சத் தரம் எம் 25. அதைப் பெட்டி அளவில் கலக்க அந்த விதி இடம் தரவில்லை. அந்தந்த ஊர்ப் பொருள்களைச் சோதித்துக் கலவையை வடிவமைக்க வேண்டும். சிறு வீடுகளில் பழக்கத்தில் இருப்பது எம் 20 என்பதால் கணக்கை அதற்கே போட்டிருக்கிறேன். பொறியாளர் எம் 25 எழுதினால் அதையே பின்பற்றுங்கள். கன அளவு மாறாது, சிமெண்ட் கூடும். கம்பியின் லேப் நீளமும் குறையும். அது எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

கம்பி: மூலைக்கு மூலை கூட வேண்டும்

பெரும்பாலான மதிப்பீட்டுத் தாள்களில் கம்பிக் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். பீமின் நீளம் 29.79 மீட்டர், கம்பி நான்கு, ஆக 119 மீட்டர். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ. எனவே 106 கிலோ. கணக்கில் பெருக்கல் பிழை ஏதுமில்லை. ஆனால் இந்த நீளத்துக்கு மட்டும் கம்பியை வெட்டினால் அது சந்தியின் நடுவில் வந்து நின்றுவிடும். அடுத்த சுவரின் கம்பியோடு அதற்கு எந்தப் பிடிப்பும் இருக்காது.

கம்பியை இழுக்கும் விசை ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நேரடியாகப் போவதில்லை. கட்டுக்கம்பி கான்கிரீட் போடும்வரை இடம் நகராமல் பிடிக்கத்தான். விசையைக் கடத்த அதனால் ஆகாது. கம்பியின் முறுக்கு வரிகள் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பற்றுகின்றன. கான்கிரீட் பக்கத்துக் கம்பியைப் பற்றுகிறது. இந்தப் பற்று ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டியிருப்பதால், முழு விசையும் மாற ஒரு குறிப்பிட்ட நீளம் தேவை. எஃப்.இ. 500 கம்பிக்கும் எம் 20 கான்கிரீட்டுக்கும் ஐ.எஸ். 456 படி அந்த நீளம் கம்பி விட்டத்தின் 57 மடங்கு. 12 மி.மீ. கம்பிக்கு 680 மி.மீ. தளத்தில் எல்லோரும் சொல்லும் ‘ஐம்பது மடங்கு’ எம் 25 கான்கிரீட்டுக்குச் சரியாக வரும், ஏனென்றால் அதில் தேவை 49 மடங்காகக் குறைகிறது. எம் 20இல் அந்த ஐம்பது போதாது.

ஒரு 12 மி.மீ. எஃப்.இ. 500 கம்பி ஐந்தரை டன்னுக்கு மேல் இழுவை தாங்கும். அதை மூலையில் அடுத்த கம்பியோடு அரையடி மட்டும் சேர்ந்து ஓடவிட்டால், தேவையான நீளத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடத்தில் கிடைப்பது ஒன்றேகால் டன் அளவுதான். கம்பிக்குக் கொடுத்த பணத்தில் முக்கால் பங்கு அந்த மூலையில் வேலை செய்யாமல் போகிறது.

சரி, கம்பியை எதுவரை கொண்டுபோய், எந்தப் பக்கம் மடக்குவது? விதி எளிது. ஒவ்வொரு கம்பியும் சந்தியை முழுக்கக் கடந்து, எதிர்ச்சுவரின் தூர முகம் வரை போய், அங்கே எல் வடிவில் மடங்கி, அந்தச் சுவரின் வெளிக்கம்பியோடு சேர்ந்து ஓட வேண்டும். பீமின் அகலம் 230. அதில் 30 மி.மீ. கவர், 8 மி.மீ. ரிங் ஆகியவற்றைக் கழித்தால், கம்பி சந்திக்குள் ஓடுவது 190 மி.மீ. மடங்கிய கால் 500 மி.மீ. என்று வைத்தால், உள்முகத்திலிருந்து மொத்தம் 690 மி.மீ. தேவையான 680ஐ இது நிறைவு செய்கிறது. வெளிமூலையில் இன்னும் நல்லது: இந்தச் சுவரின் வெளிக்கம்பி அந்தப் பக்கம் 500 ஓட, அந்தச் சுவரின் வெளிக்கம்பி இந்தப் பக்கம் 500 ஓட, இரண்டும் மூலையைச் சுற்றி ஒரு மீட்டர் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன.

அப்படியானால் ஒரு கம்பியின் வெட்டு நீளத்துக்கு ஒரே சூத்திரம் போதும்: இரு சந்திகளின் உள்முகங்களுக்கு இடையேயான நீளம், அதோடு முனைக்கு 69 செ.மீ. வீதம் 1.38 மீட்டர்.

| பீம் | இடைநீளம் (மீ.) | வெட்டு நீளம் (மீ.) | எண்ணிக்கை | மொத்தம் (மீ.) |
|---|---|---|---|---|
| நீளச் சுவர் 2 | 5.54 | 6.92 | 8 | 55.36 |
| அகலச் சுவர் 2 | 5.14 | 6.52 | 8 | 52.16 |
| நடுச்சுவர் | 5.14 | 6.52 | 4 | 26.08 |
| குறுக்குச்சுவர் | 2.37 | 3.75 | 4 | 15.00 |

கூட்டினால் 148.6 மீட்டர், 132 கிலோ. ஒற்றை வரிக் கணக்கு சொன்னது 106 கிலோ. வித்தியாசம் 26 கிலோ, நூற்றுக்கு 25. கான்கிரீட்டில் ஐந்துக்கும் குறைவாக இருந்த மூலைப் பிழை கம்பியில் கால் பங்காகிறது. அதுவும் குறைவாக மதிப்பிடும் பிழை. வாங்கிய கம்பி தீர்ந்துபோகும்போது எங்கே சுருக்குவார்கள்? சுவரின் நீளத்தைச் சுருக்க முடியாது. மடக்கும் காலைத்தான் சுருக்குவார்கள்.

வெட்டுப் பட்டியல் இல்லாமல் மதிப்பீடு முடியாது

கிலோவை மட்டும் எழுதிக் கடைக்குப் போனால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதிலிருந்து 6.92 மீட்டர் வெட்டினால் மிச்சம் 5.08. அதில் இன்னொரு நீளச் சுவர்க் கம்பி வராது. 6.52 வெட்டினால் மிச்சம் 5.48, அதிலும் அகலச் சுவர்க் கம்பி வராது. நடுவில் ஒட்டே இல்லாமல் எல்லாக் கம்பியும் முழுசாக வேண்டும் என்றால், இருபது நீளக் கம்பிகளுக்கு இருபது கம்பி வாங்க வேண்டும். அது 213 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துண்டாகக் கிடக்கும்.

இந்த இடத்தில் நேர் ஒட்டு, அதாவது நீளவாக்கில் போடும் லேப், உதவிக்கு வருகிறது. ஒரு லேப்புக்கு 70 செ.மீ. கம்பி கூடுதலாகச் செலவாகும். ஆனால் துண்டுகளை அது பயனுக்குக் கொண்டுவரும். இந்த வீட்டுக்குப் பொருந்தும் வழி இது. எட்டுக் கம்பிகளிலிருந்து நீளச் சுவருக்கான எட்டும் முழுசாக. மிச்சம் எட்டு 5.08 மீட்டர்த் துண்டுகள். அவற்றில் நான்கிலிருந்து குறுக்குச்சுவருக்கான 3.75 மீட்டர்க் கம்பிகள் நான்கு. இன்னும் ஆறு கம்பிகளிலிருந்து 6.52 மீட்டர்க் கம்பிகள் ஆறு முழுசாக. அவற்றின் மிச்சமான ஆறு 5.48 மீட்டர்த் துண்டுகளோடு, தலா 1.74 மீட்டர்த் துண்டு ஒன்றை 70 செ.மீ. லேப் விட்டுச் சேர்த்தால், மீதி ஆறு 6.52 மீட்டர்க் கம்பிகளும் தயார். அந்த 1.74 மீட்டர்த் துண்டுகளை, மீந்திருக்கும் 5.08 துண்டுகள் மூன்றிலிருந்து இரண்டிரண்டாக வெட்டிக்கொள்ளலாம்.

ஆக 14 கம்பிகள், 149 கிலோ. இருபதுக்குப் பதில் பதினான்கு. ஆறு லேப்புகளுக்கு மொத்தம் 4.2 மீட்டர் செலவழித்து, ஆறு கம்பிகளை மிச்சம் பிடிக்கிறோம். முடிவில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள முழுத் துண்டு ஒன்றும், ஒன்றரை மீட்டரை ஒட்டிய சில சிறு துண்டுகளும் எஞ்சும். அவை லிண்டலுக்கு ஆகும்.

இந்த ஆறு லேப்புகளையும் எங்கே போடுவது என்பதையும் தாளில் எழுதிவிட வேண்டும். இரண்டு அகலச் சுவர்கள், ஒரு நடுச்சுவர் என மூன்று பீம்கள் இருக்கின்றன. பீமுக்கு இரண்டு லேப். ஒன்று மேல்கம்பியில் இடப்பக்கம், மற்றது கீழ்க்கம்பியில் வலப்பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. மூலையில் மடங்கி வந்த கால் முடிந்த பிறகே லேப் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கம்பி நெருங்கி, ஜல்லி உள்ளே இறங்க வழியில்லாமல், பலகை பிரித்ததும் தேன்கூடு தெரியும். லேப் இருக்கும் இடத்தில் ரிங்கை 100 மி.மீ.க்கு ஒன்றாக நெருக்கிக் கட்ட வேண்டும்.

இந்த வெட்டுப் பட்டியல் நாகலூருக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். சேலத்திலிருந்து மலைப்பாதையில் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டியிருப்பதால், சிறு வண்டியில் ஏற்றும் கம்பியை நடுவில் மடித்து அனுப்பும் பழக்கம் உண்டு. பன்னிரண்டு மீட்டரின் மடிப்பு ஆறாவது மீட்டரில் விழும். அங்கே ஒருமுறை வளைத்து, தளத்தில் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தினால், அந்த இடத்தில் எஃகு களைத்துப்போகிறது. முறுக்கு வரிகளின் அடியில் மயிரிழை வெடிப்பும் தோன்றலாம். நம் கணக்கில் ஆறாவது மீட்டர் 6.92, 6.52 துண்டுகளுக்குள்ளேயே விழுகிறது. அதைத் தவிர்க்கக் கடையிலேயே பட்டியலைக் கொடுத்து வெட்டி வாங்க வேண்டும். ஏழு மீட்டருக்கு உட்பட்ட கம்பி நேராகவே மலையேற வாய்ப்பு அதிகம். எடை போடும்போது ஒரு சோதனை: 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று ஏறக்குறைய 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்த விட்டத்துக்கு ஐ.எஸ். 1786 அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஐந்து.

ரிங்

ரிங்குக்கு மூலைத் தொல்லை இல்லை. சந்திச் சதுரத்துக்குள் ரிங் வராது என்பதால் இடைநீளத்தை வைத்தே எண்ணலாம். முகத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி முதல் ரிங். பிறகு 150க்கு ஒன்று. நீளச் சுவருக்கு 38 வீதம் 76, அகலச் சுவருக்கு 35 வீதம் 70, நடுச்சுவருக்கு 35, குறுக்குச்சுவருக்கு 17. மொத்தம் 198. லேப் இடங்களில் நெருக்கிக் கட்டப் பன்னிரண்டு சேர்த்தால் 210.

ரிங்கின் வெளி அளவு 170க்கு 170. நான்கு பக்கம் 680 மி.மீ., இரண்டு கொக்கிகளுக்கு 80 வீதம் 160, ஆக ஒரு ரிங்குக்கு 84 செ.மீ. ஒரு 12 மீட்டர்க் கம்பியில் பதினான்கு ரிங் வரும். 210 ரிங்குக்கு 15 கம்பி, 71 கிலோ. கொக்கி 135 பாகையில் பீமின் உட்புறம் நோக்கி மடங்கியிருக்க வேண்டும். வெறும் 90 பாகையில் விட்டால், கான்கிரீட்டின் மேல்தோல் பெயரும்போது ரிங்கும் திறந்துகொள்ளும்.

ஆக இந்த வீட்டின் பிளிந்த் பீமுக்கு 12 மி.மீ. கம்பி 14, 8 மி.மீ. கம்பி 15, கட்டுக்கம்பி இரண்டு கிலோ, சிமெண்ட் 14 மூட்டை, எம்-சாண்ட் கால் யூனிட், ஜல்லி அரை யூனிட்.

கான்கிரீட் போடும் முன் பார்க்க வேண்டியவை

தாளில் எழுதியது கூட்டுக்குள் வந்திருக்கிறதா என்பதை, கான்கிரீட் விழுவதற்கு முன் மட்டுமே பார்க்க முடியும். முதலில் ஏதாவது ஒரு வெளிமூலைக்குப் போங்கள். உள்பக்கக் கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டே போனால் அது எங்கே திரும்புகிறது? மூலையின் உள்வளைவிலேயே திரும்பினால் அது தவறு. சுவர்கள் விலகி அந்தக் கம்பி இழுபடும்போது, நிமிரப் பார்க்கும். நிமிரும்போது உள்மூலைக் கான்கிரீட்டை வெளியே தள்ளிப் பெயர்த்துவிடும். உள்கம்பியும் நேராகப் போய், எதிர்ச்சுவரின் வெளிமுகத்தருகே, வெளிக்கம்பியோடு சேர்ந்து மடங்க வேண்டும். இந்த ஒரு பிழை பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும். கம்பிகள் வரிசையாகத் திரும்பியிருப்பதைப் பார்த்துப் பலரும் இதையே நல்ல வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்து நடுச்சுவர் முட்டும் சந்தி. அங்கே மடங்கிய கால், வெளிச்சுவர் பீமின் அண்மைக் கம்பியில் கட்டப்பட்டிருக்கிறதா, தூரக் கம்பியிலா என்று பாருங்கள். அண்மைக் கம்பியில் கட்டியிருந்தால், சந்திக்குள் ஓட வேண்டிய நீளத்தில் பெரும்பகுதி போய்விடும். நான்கு கம்பிகளில் இரண்டின் கால் இடப்பக்கமும் இரண்டின் கால் வலப்பக்கமும் திரும்பியிருந்தால், இழுவை இருபுறமும் பிரியும். கம்பி நெரிசலும் குறையும்.

இரு பீம்களின் கம்பிகளும் ஒரே மட்டத்தில் வந்து மோதும் என்பதால், ஒன்றின் கம்பி மற்றதன் மேல் ஏறித்தான் போகும். அதற்கு 12 மி.மீ. இடம் வேண்டும். அந்த இடத்தை அடிக்கவரிலிருந்து திருடிக்கொள்ளக் கூடாது. மூலைகளில் கவர் பிளாக் நசுங்காமல் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சேர்வராயன் மலை மழையில் பேஸ்மட்டம் ஆண்டில் பல மாதம் ஈரமாகவே இருக்கும். 30 மி.மீ. கவர் 10 ஆகக் குறைந்த இடத்தில்தான் துரு முதலில் தொடங்கும்.

கடைசியாகக் கான்கிரீட். பதினான்கு மூட்டை என்பது ஒரு மூட்டை மிக்சரில் பதினான்கு சுற்று. ஒரே நாளில் முடியக்கூடிய வேலை. முடிந்தவரை முழு வளையத்தையும் ஒரே நாளில் போட்டுவிட வேண்டும். மழை வந்து நிறுத்த நேர்ந்தால் மூலையிலோ சந்தியிலோ நிறுத்தக் கூடாது. கம்பி ஒட்டும் கான்கிரீட் ஒட்டும் ஒரே இடத்தில் விழுந்துவிடும். லேப் இல்லாத ஓர் இடத்தில், செங்குத்தாகப் பலகை வைத்து நிறுத்த வேண்டும். மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஈர மணலோடு வரும் தண்ணீரும் அந்த முப்பதுக்குள் அடக்கம்.

வேறு வீட்டுக்கு

மனையும் வரைபடமும் மாறினாலும் முறை மாறாது. கான்கிரீட்டுக்கு வெளிச்சுவரை மையக்கோட்டிலும் உள்சுவரை இடைநீளத்திலும் அளக்க வேண்டும். கம்பிக்கு ஒவ்வொரு பீமையும் தனித்தனியாக எடுத்து, இடைநீளத்தோடு இரு முனைகளுக்கும் சேர்த்து 1.38 மீட்டரைக் கூட்ட வேண்டும். கம்பியின் விட்டமோ கான்கிரீட்டின் தரமோ மாறினால் இந்த 1.38 மட்டும் மாறும்.

இதிலிருந்து வரைபடம் போடும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் வெளிப்படுகிறது. உள்ளே ஒரு சுவரைக் கூட்டினால், அது எவ்வளவு குட்டையாக இருந்தாலும், இரு சந்திகளுக்காக மட்டும் நான்கு கம்பிகளில் ஐந்தரை மீட்டர், ஏறக்குறைய ஐந்து கிலோ, செலவாகிறது. நம் வீட்டின் குறுக்குச்சுவரில் ஓடும் 15 மீட்டர்க் கம்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் முனைகளுக்கே போகிறது. சரிவுக்கு ஏற்றபடி பீமைப் படிப்படியாக இறக்கினால், ஒவ்வொரு படியும் புதிதாக ஒரு சந்திதான்; அதற்கும் லேப் வேண்டும். சரிவு மனையில் கீழ்ப்பக்கக் கருங்கல்லை உயர்த்தி, பீமை ஒரே மட்டத்தில் ஓடவிடுவதே கம்பிக்கும் நல்லது, வளையத்துக்கும் நல்லது.

எனவே ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு கேட்கும்போது மொத்தக் கிலோவைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மூலை எத்தனை, சந்தி எத்தனை, ஒவ்வொன்றிலும் கம்பி எவ்வளவு நீளம் மடங்குகிறது, நேர் லேப் எத்தனை, எங்கெங்கே என்ற நான்கையும் தாளில் எழுதி வாங்குங்கள். தளத்தில் டேப்பை வைத்துச் சரிபார்க்கக் கூடியவை இந்த நான்கும்தான்.